கல்தச்சரின் பெயர் ஸனதில் ஏன் இருக்கிறது?

"இஜாஸா, ஸனது என்று சொல்கிறார்கள். உஸ்தாதிடமிருந்து மாணவர், அவரிடமிருந்து அவர் மாணவர் என்று அறுபடாமல் வந்த சங்கிலி என்கிறார்கள். இது பட்டச் சான்றிதழ் மாதிரியா? ஆயிரம் வருஷத்தில் எங்குமே அறுபடவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?"

பட்டச் சான்றிதழை ஒரு நிறுவனம் தருகிறது. இஜாஸாவை ஒரு மனிதர் தருகிறார், அதுதான் பெரிய வித்தியாசம். பழைய டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் பெரிய மதரஸாக்கள் இருந்தன, அவற்றுக்கு வக்ஃபு சொத்துகளும் இருந்தன. ஆனால் மதரஸாவின் பெயரால் யாருக்கும் சான்று கிடைக்கவில்லை. "இன்னாருக்கு இதை என்னிடமிருந்து அறிவிக்க அனுமதி தந்தேன்" என்று ஓர் ஆசிரியர் தன் பெயரில் எழுதிக் கொடுப்பதுதான் இஜாஸா. அதை வாங்கியவரின் தகுதி, கொடுத்தவரின் பெயரைப் பொறுத்தது.

இதில் சில வகைகள் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொண்டால் மேலே எதுவும் புரியாது. பாடம் நடத்தவும் ஃபத்வா கொடுக்கவும் தரும் இஜாஸா ஒன்று. உண்மையிலேயே கற்பிக்கும் உரிமம் என்றால் அதுதான். எகிப்தின் எழுத்தர் கல்கஷந்தி ஹிஜ்ரி 778இல் அலெக்ஸாந்திரியாவில் இப்னுல் முலக்கினிடம் அதை வாங்கினார், அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுபோல இருக்கும். குர்ஆன் ஓதலுக்கான இஜாஸா இன்னொன்று. முழுக் குர்ஆனையும் ஆசிரியர் முன் ஓதிக் காட்டித் திருத்தம் வாங்கியபிறகே அதைப் பெற முடியும். இந்த இரண்டிலும் வாங்குபவரின் திறமை சோதிக்கப்படுகிறது.

மூன்றாவது, ஒரு நூலை அறிவிப்பதற்கான இஜாஸா. அறுபடாத சங்கிலி என்று நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். இது திறமையைச் சோதிப்பதில்லை. எப்படி என்று காட்ட இமாம் புகாரியின் ஸஹீஹ் நூலுக்கு உள்ள ஒரு சங்கிலியை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கிறேன். பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் ஹிஜ்ரியில் தருகிறேன், கணக்கு அதில்தான் இருக்கிறது.

இமாம் புகாரி இறந்தது 256இல், அதாவது கி.பி. 870. அவரிடம் அந்த நூலை நேரில் காதால் கேட்டவர் ஃபிரப்ரீ (231–320). அவரிடம் கேட்டவர் ஸரக்ஸீ (293–381). அவரிடம் தாவூதீ (374–467), அவரிடம் அபுல் வக்த் (458–553), அவரிடம் பக்தாதைச் சேர்ந்த ஸபீதீ (546–631). ஸபீதீயிடம் கேட்டவர் டமாஸ்கஸின் அஹ்மத் இப்னு அபீ தாலிப் (இறப்பு 730). அவரைக் கல் தொழில் செய்ததால் ஹஜ்ஜார் என்று அழைத்தார்கள். ஹஜ்ஜாரிடம் கேட்டவர் ஆயிஷா பின்த் அப்துல் ஹாதி (723–816) என்ற பெண்மணி.

ஐந்நூற்று அறுபது ஹிஜ்ரி வருஷங்களுக்கு, புகாரிக்கும் ஆயிஷாவுக்கும் நடுவில் ஆறே ஆறு பேர். முதல் முறை பார்க்கும் எவருக்கும் சந்தேகம் வரும், வர வேண்டும். இப்போது வருஷங்களைக் கழித்துப் பாருங்கள். ஃபிரப்ரீயும் ஸரக்ஸீயும் தங்கள் ஆசிரியரிடம் வாலிப வயதில் கேட்டிருக்க முடியும். தாவூதீ பிறந்தது 374, அவருடைய ஆசிரியர் இறந்தது 381. அப்படியானால் கேட்டபோது தாவூதீக்கு ஏழு வயதுக்கு மேல் இருந்திருக்க வழியில்லை. அபுல் வக்துக்கு ஒன்பதுக்குள், ஸபீதீக்கு ஏழுக்குள், ஹஜ்ஜாருக்கு எட்டு ஒன்பதுக்குள், ஆயிஷாவுக்கு ஏழுக்குள். முதல் இரண்டு கண்ணிக்குப் பிறகு சங்கிலியைச் சுமந்தவர்கள் ஐந்து குழந்தைகள். அந்த ஐந்து பேருமே எண்பது, தொண்ணூறு என்று நீண்ட காலம் வாழ்ந்தார்கள், ஹஜ்ஜார் நூறையே தாண்டினார்.

இது தற்செயல் இல்லை. ஊரில் வயதான அறிவிப்பாளர் ஒருவர் இருந்தால், பெற்றோர் தங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார வைப்பார்கள். எண்பது வயதுக்காரரிடம் ஏழு வயதில் கேட்ட பிள்ளை தானும் எண்பது வரை இருந்தால், நூற்றைம்பது வருஷத்தை இரண்டே பேர் கடந்துவிடுவார்கள். கண்ணிகள் குறைந்தால் சங்கிலிக்கு 'உயர்ந்தது' என்று மதிப்பு, நபி (ஸல்) அவர்களுக்கும் தனக்கும் நடுவில் ஆட்கள் குறைவு என்ற சந்தோஷம். அபுல் வக்த் தன் கதையைத் தானே சொல்லியிருக்கிறார். ஹிராத்திலிருந்து பூஷன்ஜுக்கு, தாவூதீயிடம் கேட்பதற்காக, தகப்பனார் அவரை நடத்தியே கூட்டிப்போனாராம். பையன் கையில் இரண்டு கல்லைக் கொடுத்துச் சுமக்கச் சொல்வார். களைத்தால் ஒன்றைப் போடச் சொல்வார், அப்புறம் இரண்டாவதையும். சுமை குறைந்ததே என்று பையன் இன்னும் கொஞ்சம் நடப்பான். அதற்கு மேல் முடியாதபோது தோளில் ஏற்றிக்கொள்வார். வழியில் விவசாயிகள், "பிள்ளையை எங்களிடம் கொடுங்கள், வாகனத்தில் கொண்டுவந்து விடுகிறோம்" என்றபோது, ஹதீஸைத் தேடிப் போகும்போது சவாரி செய்வதில்லை என்று மறுத்துவிட்டாராம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அந்தப் பையன் தொண்ணூற்றைந்து வயதுவரை வாழ்ந்து, கடைசியில் பக்தாதுக்கு வந்து, ஸபீதீ என்ற இன்னொரு சிறுவனுக்கு அதைக் கொடுத்துவிட்டு 553இல் இறந்தார்.

சரி, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் கொண்ட ஒரு நூலில் என்ன புரிந்திருக்கும்? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல, ஒரு 'கேட்பு அமர்வு' எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

மஜ்லிஸின் நடுவில் ஷைக் உட்கார்ந்திருப்பார். வாசிப்பது பெரும்பாலும் அவர் இல்லை, வாசிப்பாளர் என்று தனியாக ஒருவர் இருப்பார். அவர் கையில் ஏற்கெனவே ஒப்பிட்டுச் சரிபார்த்த பிரதி இருக்கும். சுற்றியிருக்கும் அறிஞர்களில் சிலர் தங்கள் பிரதிகளை விரித்து வைத்து வரிவரியாகக் கூடவே பார்த்து வருவார்கள், தவறினால் நிறுத்துவார்கள். இன்னொருவர் வருகைப் பதிவு எழுதுபவர். அமர்வு முடிந்ததும் அந்தப் பிரதியிலேயே, கடைசிப் பக்கத்திலோ ஓரத்திலோ, அவர் எழுதிவைப்பார்: ஷைக் யார், வாசித்தவர் யார், எந்த ஊர், எந்தப் பள்ளிவாசல், என்ன தேதி, யார் யார் கேட்டார்கள். தாமதமாக வந்தவருக்கு எந்தப் பகுதி தப்பியது, எந்த நாள் வரவில்லை, நடுவில் யார் தூங்கிவிட்டார் என்பதையும் குறிப்பார்கள். குழந்தை என்றால் வயதோடு எழுதுவார்கள். ஐந்து வயது முடிந்திருந்தால் 'கேட்டார்', அதற்குக் கீழே என்றால் 'வந்திருந்தார்' மட்டும். ஐந்து என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்றால், மஹ்மூத் இப்னு ரபீஃ என்ற நபித்தோழர் தமக்கு ஐந்து வயதாயிருந்தபோது நபியவர்கள் வாளியிலிருந்து வாயில் நீர் எடுத்துத் தம் முகத்தில் உமிழ்ந்தது நினைவிருக்கிறது என்று சொன்ன செய்தி புகாரியிலேயே இருக்கிறது. அதை வைத்துத்தான்.

இந்தப் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. டமாஸ்கஸில் ஹிஜ்ரி 550க்கும் 750க்கும் நடுவில் எழுதப்பட்டவற்றில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஆய்வாளர்கள் படித்துத் தொகுத்திருக்கிறார்கள். அவற்றில் நீதிபதிகளோடு வியாபாரிகள், கைவினைஞர்கள், பெண்கள், அடிமைகள் பெயர்களும் வருகின்றன.

ஹஜ்ஜாரின் கதை இந்தப் பதிவால்தான் நடந்தது. ஹிஜ்ரி 630இல், அதாவது 1233 வாக்கில், டமாஸ்கஸை ஒட்டிய காஸியூன் மலையடிவாரத்தில் ஸபீதீ புகாரியை வாசிக்கக் கேட்பித்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுவனாக ஹஜ்ஜார் உட்கார்ந்திருந்தார். ஸபீதீ மறுவருஷம் இறந்துபோனார். சிறுவன் வளர்ந்து கல் வேலைக்குப் போனான். இருபத்தைந்து வருஷம்போல கல்தச்சர்களின் தலைவராக இருந்தார், வயதான காலத்தில் தையல் வேலை செய்தார். ஆலிம் இல்லை, பாமரர். கேட்டு எழுபத்தாறு வருஷம் கழித்து, 706இல், பழைய பிரதியின் வருகைப் பதிவில் அவர் பெயரை ஹதீஸ் மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். ஸபீதீயிடம் கேட்ட மற்றவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலம் அது. இந்த மனிதர் உயிரோடு, அதே ஊரில், ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறார்!

வரலாற்றாசிரியர் இப்னு கஸீர் அவருடைய மாணவர். மாணவர்கள் அடைந்த மகிழ்ச்சியை அவர் எழுதியிருக்கிறார். அடுத்த இருபத்துநான்கு வருஷத்தில் ஹஜ்ஜார் முன்னிலையில் புகாரி அறுபது தடவைக்கு மேல் வாசிக்கப்பட்டது. அவருக்கு உதவித்தொகை ஏற்பாடானது. எகிப்தின் சுல்தான் நாஸிர் அவரிடம் கேட்டுவிட்டுத் தன் கையாலேயே மரியாதை அங்கி அணிவித்தார். 730 ஸஃபர் மாதம் 9ஆம் தேதி டமாஸ்கஸின் பெரிய பள்ளிவாசலில் கடைசியாக ஒரு வாசிப்பு தொடங்கியது, இப்னு கஸீரும் அதில் இருந்தார். அந்த மாதமே 25ஆம் தேதி ஹஜ்ஜார் இறந்தார். 630இல் கேட்டதற்கும் 730இல் கேட்பித்ததற்கும் நடுவில் நூறு வருஷம். அதனால்தான் அவர் நூறு வயதைத் தாண்டியவர் என்று இப்னு கஸீர் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அப்படியென்றால் கல்தச்சர் ஒருவரிடம் போய் மகா அறிஞர்கள் எதைக் கற்றார்கள்? நூலின் பொருளை அவரிடம் கற்கவில்லை. அதற்கு வேறு ஆசிரியர்கள் இருந்தார்கள். சொற்கள் சரியா என்று பார்க்கவும் அவரை நம்பவில்லை. அதற்குப் பிரதிகள் இருந்தன. டமாஸ்கஸில் யூனீனீ (இறப்பு 701) என்ற அறிஞர் புகாரியின் பல பழைய பிரதிகளை ஒப்பிட்டு, எந்தப் பிரதியில் எந்தச் சொல் மாறுகிறது என்பதை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறி போட்டு ஓரத்தில் எழுதிவைத்தார். நம் பழைய நூல்களில் பாடபேதம் என்போமே, அதேதான். இலக்கண வல்லுநர் இப்னு மாலிக் அந்த அமர்வுகளில் உடனிருந்து, மொழி இடறும் இடங்களை விளக்கினார். யூனீனீயும் அதே ஸபீதீயிடம் கேட்டவர்தான்.

ஆக, சொற்களைக் காத்தது பிரதி ஒப்பிடும் வேலை. ஹஜ்ஜார் கொடுத்தது, "இந்த நூலை ஸபீதீயின் முன்னால் வாசித்தபோது நான் அங்கே இருந்தேன்" என்ற சாட்சியம் மட்டும். இதை நான் சொந்தமாகச் சொல்லவில்லை. ஹதீஸ் கலையின் விதிகளைத் தொகுத்த இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு 643) தன் காலத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்: நூல்கள் நிலைபெற்றுவிட்டன, இப்போது அறிவிப்பாளர்களிடம் பழைய காலத்துக் கடுமையான நிபந்தனைகளை எதிர்பார்க்க முடியாது, நோக்கம் சங்கிலி என்ற இந்தச் சமூகத்தின் தனிச்சிறப்பைக் காப்பதுதான் என்று. சங்கிலியே நூலைக் காத்தது என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் இரண்டு மூன்று தலைமுறைக்கு அது உண்மை. அதற்குப் பிறகு பேனாவும் ஒப்பீடும் செய்த வேலையை அது மறைத்துவிடுகிறது.

இஜாஸா என்ற சொல் கண்டிப்பாகச் சொன்னால் இன்னும் ஒரு படி கீழே. இப்னுஸ் ஸலாஹ் நூலைப் பெறும் வழிகளை எட்டாக வரிசைப்படுத்துகிறார். ஷைக் வாசிக்கக் கேட்பது முதலாவது, அவர் முன் வாசிப்பது இரண்டாவது. கேட்காமலும் வாசிக்காமலும் அனுமதி மட்டும் பெறும் இஜாஸா மூன்றாவதாகத்தான் வருகிறது. ஒரு காகிதத்தில் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, "இவர்களுக்கு அனுமதி தருமாறு வேண்டுகிறோம்" என்று தூர ஊருக்கு அனுப்புவார்கள். அங்குள்ள ஷைக்குகள் ஒவ்வொருவராகக் கீழே கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஹஜ்ஜாருக்கே பக்தாதிலிருந்து 138 ஷைக்குகளின் இஜாஸா இருந்தது என்கிறார் இப்னு கஸீர். சிலர் "என் காலத்தில் வாழும் எல்லா முஸ்லிம்களுக்கும்" என்று பொதுவாகக் கொடுத்தார்கள். சிலர் இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கதீப் பக்தாதீ போன்றவர்கள் இதை ஏற்றார்கள், இப்னுஸ் ஸலாஹ் ஏற்கவில்லை. இஜாஸாவே ஒரு பலவீனமான வழி, அதை இவ்வளவு தளர்த்தினால் இன்னும் பலவீனமாகிறது என்பது அவர் வாதம். நான் அவர் பக்கம்.

அதனால் ஒரு ஸனதைப் பார்க்கும்போது, பெயர்களுக்கு நடுவில் வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். 'ஹத்தஸனா' என்றால் வாயிலிருந்து கேட்டது. 'அக்பரனா' என்றால் பெரும்பாலும் அவர் முன் வாசிக்கப்பட்டது. பிற்காலத்தவர் 'அன்பஅனா' என்று எழுதினால் அது இஜாஸாவாகத்தான் இருக்கும். ஒரே ஒரு கண்ணியில் இந்தச் சொல் மாறினாலும் சங்கிலியின் எடை மாறுகிறது.

நூறு வயதுக்காரரை நம்பினால், அறுநூறு வயது என்று சொல்பவரை என்ன செய்வது? இதுவும் நடந்தது. இந்தியாவில் ரத்தன் என்றொருவர், தான் நபித்தோழர், அறுநூறு வருஷமாக உயிரோடு இருப்பதாகச் சொன்னார். அவரிடமிருந்து கேட்டதாக ஹதீஸ்கள் பரவின. ஹஜ்ஜார் வாழ்ந்த அதே டமாஸ்கஸில் இருந்த தஹபீ (673–748), ரத்தனைப் பொய்யர் என்று அடித்துச் சொல்லித் தனி நூலே எழுதினார். ஹஜ்ஜாரை ஏற்றுக்கொண்ட ஊரின் அறிஞர் ரத்தனை ஏன் மறுத்தார்? ஹஜ்ஜாருக்கு 630ஆம் வருஷத்துப் பதிவு, அவர் குழந்தையாக இருக்கும்போதே, வேறொருவர் கையால் எழுதப்பட்டுக் கிடந்தது. கூட உட்கார்ந்தவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. ரத்தனுக்கு அவர் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றுமில்லை. அறுநூறு வருஷத்தில் ஒரு வரலாற்றாசிரியர்கூட அவரைப் பற்றிக் கேள்விப்படவில்லை.

புகாரி நூலுக்கே இப்படி ஒரு சங்கிலி பின்னால் புறப்பட்டது. அதில் பாபா யூசுஃப் ஹிரவீ என்பவர் முந்நூறு வயது வாழ்ந்ததாகவும், ஃபிரப்ரீயிடம் கேட்ட குத்தலானீ என்பவர் நூற்று நாற்பத்து மூன்று வயது வாழ்ந்ததாகவும் வருகிறது. கண்ணிகள் மிகக் குறைவு என்பதால் ஆசைப்பட்டுப் பல பெரியவர்களே அதை எடுத்துக்கொண்டார்கள், பலர் மறுத்தார்கள். உயர்ந்த சங்கிலி மேல் இருந்த ஆசைதான் இங்கே வழிதவற வைத்தது. எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், மிகக் குறுகிய சங்கிலி கிடைத்ததும் சந்தோஷப்படாமல், வருஷத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். எண்பது தொண்ணூறு வயது அடுத்தடுத்து வருவது நடக்கக்கூடியதே, குழந்தைகளை அழைத்துப் போகும் வழக்கமே அதை உண்டாக்கியது. முந்நூறு வருமானால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

நம் ஊர் மதரஸாக்களில் இன்று தரும் ஸனது பழைய இஜாஸாவோடு நிறுவனச் சான்றிதழ் கலந்தது. முத்திரையும் பட்டமும் மதரஸாவுடையவை. அதனால்தான் பாக்கவி, மன்பஈ, மிஸ்பாஹி என்று ஓதிய இடத்தின் பெயர் ஆலிமின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் புகாரிப் பாடத்தில் உஸ்தாத் தன் சங்கிலியைச் சொல்லி அனுமதி தருவது பழைய முறைதான். இந்தியாவில் இது பெரும்பாலும் டெல்லியின் ஷா வலியுல்லாஹ் (இறப்பு 1762) வழியாகப் போகும். அவர் மதீனாவில் அபூ தாஹிர் குர்தீயிடம் வாங்கினார். அவர் தன் தகப்பனார் இப்ராஹீம் கூரானீயிடம், அவர் குஷாஷீயிடம், அவர் ஷின்னாவீயிடம், அவர் ஷம்சுத்தீன் ரமலீயிடம், அவர் ஸகரிய்யா அன்ஸாரீயிடம், அவர் இப்னு ஹஜரிடம், அவர் தனூகீயிடம். தனூகீ கேட்டது நம் ஹஜ்ஜாரிடம்.

உங்களுக்குத் தெரிந்த ஆலிம் யாரிடமாவது புகாரி ஸனது இருந்தால் வாங்கிப் பாருங்கள். "அஹ்மத் இப்னு அபீ தாலிப் அல்ஹஜ்ஜார்" என்ற பெயர் அநேகமாக இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால் வரும் ஷம்சுத்தீன் ரமலீ பிறந்தது 919, அவருக்கு அனுமதி தந்த ஸகரிய்யா அன்ஸாரீ இறந்தது 926. கழித்துப் பார்த்தால், அங்கேயும் ஏழு வயதுக்கு மேற்படாத ஒரு பிள்ளைதான் நிற்கிறது.